வாடிய பூவும் வராத லைற்றும்: சோடனைக்காரருக்கு ஒரு கடிதம்

கேள்வி: எங்கட ஊர்ப் பிள்ளையார் கோயில் ஆறாம் திருவிழா எங்கட குடும்ப உபயம். சோடனைக்கு 95,000 ரூபா பேசி 50,000 முற்பணம் குடுத்தோம். விலை வாட்ஸ்அப்பில் இருக்கு: வாசல் தோரணம் 20,000, வசந்த மண்டபம் 35,000, லைற் 20 சரம் 30,000, கூலியும் வாகனமும் 10,000. திருவிழாக் காலையில பார்த்தால் தோரணத்துச் செவ்வந்தி எல்லாம் வாடிக் கிடக்கு, மல்லிகை விரிஞ்சு போச்சு, லைற் 12 சரம்தான் வந்திருக்கு. ஆறு மணிக்கே படம் எடுத்து அனுப்பினோம். இரண்டு மணிக்குள்ள கொண்டு வாறன் எண்டார், வரவே இல்லை. பிறகு 9,500 ரூபாக்குப் பூ வாங்கி, அவர் நட்ட இரும்புச் சட்டத்தில நாங்களே கட்டினோம். அவரிட சட்டமும் லைற்றும் இன்னும் கோயில் மண்டபத்திலதான் கிடக்கு. இப்ப மிச்சக் காசு கேட்டுப் போன் எடுக்கிறார். மச்சான் முறையான ஆள். சண்டை வேண்டாம், ஆனா விடவும் மனமில்லை. சுருக்கமா ஒரு கடிதம் எழுதிக் குடுக்க வேணும். எப்படி எழுதுறது?

பதில்:

முதலில் கடிதத்தைத் தருகிறேன். ஏன் இப்படி எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். புள்ளியிட்ட இடங்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

திகதி: ............

திரு. ............ அவர்களுக்கு,

விடயம்: ஆறாம் திருவிழாச் சோடனையில் ஏற்பட்ட குறைகளும் மீதிக் கொடுப்பனவும்

வணக்கம்.

எங்கள் குடும்ப உபயமான ஆறாம் திருவிழாவுக்கு 95,000 ரூபாவுக்குச் சோடனை செய்து தருவதாக ............ அன்று ஒப்புக்கொண்டு, முற்பணமாக 50,000 ரூபா பெற்றுக்கொண்டீர்கள்.

திருவிழா அன்று காலை 6 மணிக்கு, வாசல் தோரணத்தின் செவ்வந்தி மாலைகள் உட்புறம் பழுத்து, ஈரம் கசிந்து, தொட்டதும் இதழ் உதிரும் நிலையில் இருந்தன. லைற் 20 சரத்துக்குப் பதிலாக 12 சரமே வந்திருந்தது. இரண்டையும் அந்த நேரமே படத்துடன் உங்களுக்கு அறிவித்தோம். பிற்பகல் 2 மணிக்குள் கொண்டு வருவதாகச் சொன்னீர்கள். இரவு சுவாமி வீதி வலம் முடியும்வரை எதுவும் வரவில்லை. தோரணத்துக்கு நாங்களே 9,500 ரூபாவுக்குப் பூ வாங்கிக் கட்டினோம்.

வசந்த மண்டபச் சோடனையில் எங்களுக்குக் குறை இல்லை.

வராத 8 சரத்துக்கு 12,000 ரூபாவும் தோரணப் பூவுக்கு 15,000 ரூபாவும் கழித்து, மீதி 18,000 ரூபாவைத் தரத் தயாராக இருக்கிறோம். ............ திகதிக்கு முன் உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். உங்கள் இரும்புச் சட்டங்களும் லைற் சரங்களும் கோயில் மண்டபத்தில் பத்திரமாக உள்ளன. எப்போதும் வந்து எடுத்துச் செல்லலாம்.

நன்றி.

பெயர், ஒப்பம்

இவ்வளவுதான், ஒரு பக்கம்கூட வராது. நான் இணக்க சபையில் இருந்த காலத்தில் இப்படியான பிணக்குகள் நிறையக் கேட்டிருக்கிறேன். கலியாண மணவறை, பந்தல், சமையல், வீடியோ என்று ஆள்தான் மாறும், கதை ஒன்றுதான். வருகிறவர்களில் பலர் மூன்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். அதில் மானம் போனது, சொந்தக்காரர் சிரித்தது, சோடனைக்காரர் முன்பு யாருக்குச் செய்த அநியாயம் எல்லாம் இருக்கும். எத்தனை மணிக்குப் பார்த்தோம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பது மட்டும் இருக்காது. உங்கள் கடிதத்துக்கு முதுகெலும்பு அந்த இரண்டு நேரமும்தான்.

பூவை எடுத்துக்கொள்வோம். வாடிய பூ என்று மட்டும் எழுதினால் அவர் சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே தெரியும்: "கச்சான் காத்துக்கு எந்தப் பூ நிண்டது?" நம் பக்கத்தில் வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் அடித்தால் பத்து மணிக்குக் கட்டிய மாலை பன்னிரண்டு மணிக்குத் துவண்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தப் பதில் எடுபடும். ஆனால் காலை ஆறு மணிக்குக் கச்சானும் இல்லை, வெயிலும் இல்லை. அந்த நேரத்திலேயே பூ கெட்டிருந்தது என்றால் அது வரும்போதே கெட்டுத்தான் வந்தது. ஆறு மணி என்ற சொல்லைக் கடிதத்தில் முன்னால் போட்டது அதனால்தான். அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் இருந்து அழித்துவிடாதீர்கள். போனில் இருக்கும் மூலப் படத்தையும் அப்படியே வைத்திருங்கள். எடுத்த நேரம் அதில் பதிவாகியிருக்கும்.

நேரத்தோடு பூவின் நிலையையும் எழுத வேண்டும். வெயிலில் வாடிய பூவும் பெட்டிக்குள் கெட்ட பூவும் பார்வைக்கே வேறு. வெயிலும் காற்றும் பட்ட செவ்வந்தி வெளி இதழில் இருந்து காயும். ஓரம் சுருண்டு மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும். பெட்டிக்குள் கெட்டது இதற்கு நேர்மாறு. மாலையின் நடுவில், பூவும் பூவும் நெருங்கும் இடத்தில் பழுக்கும். கையை வைத்தால் சூடும் ஈரமும் தெரியும். ஒரு புளித்த மணம் வரும். ஒரு தட்டுத் தட்டினால் இதழ் கொத்தாக உதிரும்.

இதற்குக் காரணமும் இருக்கிறது. நம் பக்கத்துக்குச் செவ்வந்தியும் ரோசாவும் பெரும்பாலும் மலைநாட்டில் இருந்து வருகின்றன. பதுளையில் இருந்து பிபிலை, மஹா ஓயா தாண்டிச் செங்கலடிக்கு இறங்கும்வரை, ராத்திரி முழுக்க அட்டைப் பெட்டிக்குள் அமுங்கிக் கிடக்கும். பறித்த பூவும் மூச்சு விடும். அந்தச் சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே வேகும். வந்ததும் பெட்டியைத் திறந்து, பூவை நிழலில் பரப்பிக் காற்றாட விட்டு, கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் மாலை கட்ட வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று கோயில் வேலை பிடித்தவர்களுக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. முதல் நாள் பின்னேரமே கட்டி, மறுபடியும் பெட்டியில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். உங்கள் தோரணத்துக்கு நடந்தது என்ன என்று எனக்கு இங்கிருந்து சொல்ல முடியாது, உங்கள் கடிதத்துக்கும் அது தேவையில்லை. 'பழைய பூவைக் கொண்டு வந்தீர்கள்', 'இன்னொரு கோயிலில் மிஞ்சியதைக் கட்டினீர்கள்' என்று எழுதினால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் ஏறும். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். உட்புறம் பழுத்திருந்தது, ஈரம் கசிந்தது, இதழ் உதிர்ந்தது. பூத் தொழில் தெரிந்தவர் யார் வாசித்தாலும் மிச்சத்தை விளங்கிக்கொள்வார். நான் எழுதிய சொற்கள் உங்கள் படங்களுக்குப் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை ஒத்துப் பாருங்கள். பொருந்தாத சொல்லை வெட்டிவிடுங்கள்.

மல்லிகையைக் கடிதத்தில் நான் சேர்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள். மல்லிகையை மொட்டாகத்தான் பறிப்பார்கள். அது அன்று இரவே மலரும், விடியும்போது விரிந்துதான் இருக்கும். முதல் நாள் பறித்த நல்ல மல்லிகையும் காலையில் அப்படித்தான். நீங்கள் அதையும் குறையாக எழுதினால், அவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு "இவர்களுக்குப் பூவைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று செவ்வந்திக் கதையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். பலமில்லாத குறையைச் சேர்த்தால் பலமான குறையும் கெட்டுப்போகும்.

லைற் விடயம் இதைவிட லேசு. ஆனால் ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக எழுத வேண்டும். எட்டுச் சரம் வரவில்லை என்பது வேறு, வந்த சரத்தில் எட்டு எரியவில்லை என்பது வேறு. எரியவில்லை என்றால் "உங்கட கோயில் கரண்ட் சரியில்லை", "பொடியன்மார் வயரை இழுத்துப் போட்டாங்கள்" என்று ஏதாவது சொல்ல இடம் இருக்கும். வரவே இல்லை என்றால் கணக்கு மட்டும்தான். இருபது சொன்னது, பன்னிரண்டு வந்தது. இரவு ஒன்றிரண்டு சரம் இடையில் அணைந்திருந்தாலும் அதை இதோடு கலக்க வேண்டாம். இருபது என்ற எண் அவர் அனுப்பிய செய்தியில் இருக்கிறது என்றால் அதை அப்படியே படமாக எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். குரல் செய்தியில் சொல்லியிருந்தால், அவர் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதி, திகதியும் நேரமும் போட்டு இணையுங்கள்.

லைற்றில் உங்களுக்குப் பெரிய பலம் ஒன்று இருக்கிறது. காலையிலேயே சொல்லிவிட்டீர்கள். சுவாமி வீதி வலம் இரவில். ஆறு மணிக்கே சொன்னதால் குறையைச் சரிசெய்ய அவருக்கு ஒரு பகல் முழுக்க இருந்தது. அவரும் மறுக்கவில்லை, இரண்டு மணிக்குள் கொண்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு வரவில்லை. இணக்க சபையில் ஆனாலும் வேறு எங்கே ஆனாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, "குறையைக் கண்டதும் அவருக்குச் சொன்னீர்களா, திருத்த இடம் கொடுத்தீர்களா?" என்பதுதான். திருவிழா முடிந்து, காசு கேட்ட பிறகு குறை சொல்பவரை ஒருவரும் எளிதில் நம்புவதில்லை. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இனிக் காசுக் கணக்கு. இதில்தான் ஆட்கள் கூடுதலாகச் சறுக்குகிறார்கள். லைற் நேரான கணக்கு: 30,000 ரூபாவை 20 சரத்துக்குப் பிரித்தால் சரம் 1,500. எட்டுச் சரத்துக்கு 12,000. பூவுக்கு அப்படி நேர்க்கணக்கு இல்லை. தோரணத்துக்குப் பேசியது 20,000. ஆனால் அவர் நட்ட இரும்புச் சட்டத்தில்தான் நீங்கள் வாங்கிய பூவைக் கட்டினீர்கள். அந்தச் சட்டம் உங்களுக்கு உதவியிருக்கிறது, அதை நட்டவர்களும் உழைத்திருக்கிறார்கள். அதற்கு 5,000 விட்டு 15,000 கேட்பது நியாயமாகப் படும் என்பது என் மதிப்பீடு. முழு 20,000 கேட்டால் தவறு என்று இல்லை. ஆனால் அவர் அந்த இரும்புச் சட்டத்தைக் காட்டி வாதாடத் தொடங்குவார், கதை நீளும்.

நீங்கள் வாங்கிய பூவின் 9,500 ரூபாவை இந்த 15,000 ரூபாவோடு கூட்டக் கூடாது. தோரணப் பூவின் விலையைக் கழித்த பிறகு மாற்றுப் பூவின் விலையையும் கேட்டால் ஒரே குறைக்கு இரண்டு தரம் காசு கேட்டதாகிவிடும். கடிதத்தில் 9,500 ரூபாவை ஒரு செய்தியாக மட்டும் சொல்லியிருக்கிறேன், கழிவில் சேர்க்கவில்லை. ஆனால் அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அவர் பேரம் பேச வந்தால் உங்கள் கடைசி நிலை அதுதான். பூவுக்கு 15,000 கூட என்று அவர் சொன்னால் 9,500 வரைக்கும் இறங்கலாம், ஏனென்றால் அது உங்கள் கையில் இருந்து உண்மையாகவே போன காசு. அதற்குக் கீழே இறங்கத் தேவையில்லை. அப்படி இறங்கினாலும் லைற்றோடு சேர்த்து 21,500 கழியும், அவருக்கு 23,500 கொடுக்க வேண்டிவரும். ஆகவே 18,000 ரூபாவுக்கும் 23,500 ரூபாவுக்கும் இடையில் எங்கே முடிந்தாலும் நல்ல முடிவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் 18,000 மட்டும் இருக்கட்டும்.

வசந்த மண்டபம் நன்றாக இருந்தது என்ற வரியைச் சிலர் வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். உங்கள் கேள்வியில் அதைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லாததால்தான் எழுதினேன். சரியாகச் செய்ததைச் சரி என்று சொல்பவரின் குறைக்கு எடை கூடும். அவருக்கும் தன் உழைப்பு முழுவதும் வீணாகவில்லை என்று தெரியும். அவருடைய பொடியன்மார் ராத்திரி முழுக்க நித்திரை முழித்து மண்டபத்தைச் சோடித்திருப்பார்கள். அவர்களுக்கும் அந்தக் காசில்தான் கூலி.

சட்டங்களும் சரங்களும் பத்திரமாக இருக்கின்றன என்ற வரிக்கும் காரணம் இருக்கிறது. கோபத்தில் சிலர் "கணக்கு முடியும்வரை சாமானைத் தரமாட்டோம்" என்று பூட்டி வைத்துவிடுவார்கள். அதைச் செய்யவே வேண்டாம். அவருக்கு அடுத்த வேலைக்கு அந்தச் சாமான் வேண்டும். நீங்கள் தடுத்தால் அவர் பொலிசுக்குப் போவார், அங்கே நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். மீதிக் காசு உங்கள் கையில் இருக்கும்போது சாமானைப் பிடித்து வைக்கத் தேவையும் இல்லை. அவருடைய ஆட்கள் எடுக்க வரும்போது எத்தனை சட்டம், எத்தனை சரம் என்று ஒரு துண்டில் எழுதி ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் 12 சரம் என்று வரும், அது உங்களுக்கு இன்னொரு சாட்சி.

மச்சான் முறை என்றீர்கள். கடிதத்தில் முறை சொல்லாமல் திரு. என்றும் நீங்கள் என்றும் எழுதியிருப்பது, நாளைக்கு மூன்றாம் ஆள் வாசிக்க வேண்டி வரலாம் என்பதற்காக. அதை மட்டும் அனுப்பினால் அவருக்கு மனம் நோகும். அதனால் அனுப்ப முன்னம் ஒரு தரம் போனில் கதையுங்கள். "மச்சான், கணக்கை ஒரு கடிதத்தில எழுதி அனுப்புறன், வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்க" என்றால் போதும். போனில் கணக்குப் பேசத் தொடங்காதீர்கள். பேசினால் அது வாக்குவாதமாகும், கடிதத்துக்கும் மதிப்பிருக்காது. முற்பணம் கொடுத்தவர் யாரோ அவர் பெயரில்தான் கடிதம் போக வேண்டும். மருமகன் பேசி, மாமா காசு கொடுத்து, மகள் கடிதம் எழுதினால் யாரோடு பேசிய பேச்சு என்று ஒரு குழப்பம் வரும். கோயில் வண்ணக்கரையோ பரிபாலன சபையையோ கடிதத்தில் இழுக்க வேண்டாம். அவர்கள் இந்தப் பேச்சில் இல்லை. ஆனால் காலையில் தோரணத்தை வண்ணக்கர் நேரில் பார்த்திருந்தால், தேவை வரும்போது சொல்வாரா என்று தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நேரில் கொடுத்து மற்றதில் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒப்பம் வாங்குங்கள். ஒப்பம் வைக்கத் தயங்கினால் பதிவுத் தபாலில் போட்டு அந்தத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பத்துப் பதினான்கு நாள் கொடுங்கள். அதுவரை முகநூலில் ஒன்றும் போடாதீர்கள். ஊர் முழுக்கப் பார்த்த பிறகு அவர் குறைத்து வாங்கினால் தோற்றதுபோல ஆகிவிடும், அதற்காகவே விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஒத்துக்கொண்டால் காசைக் கொடுக்கும்போதே பற்றுச்சீட்டில் 'ஆறாம் திருவிழாச் சோடனைக்கான முழுக் கணக்கும் தீர்ந்தது' என்று எழுதி ஒப்பம் வாங்கிவிடுங்கள். வெறுமனே 18,000 பெற்றுக்கொண்டேன் என்று எழுதினால் மிச்சம் 27,000 ரூபாவைப் பிறகு கேட்க இடம் இருக்கும்.

பதிலே வராவிட்டால் அடுத்த இடம் இணக்க சபை. அதற்கும் சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, தொழிலாகச் சேவை செய்பவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், அதற்காகத் தரும் பொருளும் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். இந்தச் சட்டத்தை முதல் கடிதத்தில் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றே. உறவுக்காரருக்குப் போகும் முதல் கடிதத்தில் சட்டப் பிரிவு இருந்தால் அவர் கணக்கை வாசிக்கமாட்டார், மிரட்டல் என்று மட்டும் எடுப்பார். பதில் வராமல் இரண்டாவது கடிதம் எழுத நேர்ந்தால் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், அதுவும் வேலை நடந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். திருவிழா நடந்த திகதியில் இருந்து மூன்று மாதத்தை எண்ணி, அந்த நாளை இப்போதே கலண்டரில் குறித்து வையுங்கள். அவர் "பார்ப்பம், பார்ப்பம்" என்று இழுத்தாலும் அந்த நாளுக்கு இரண்டு கிழமை முன்பாகவாவது முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். கடிதத்தின் பிரதி, தபால் துண்டு, காலை ஆறு மணிப் படங்கள், 9,500 ரூபாப் பற்றுச்சீட்டு, விலை பேசிய வாட்ஸ்அப் செய்தி இவ்வளவும் அதோடு போனால் போதும்.